தூக்கல் கணக்கு

சென்னை அசோக் நகரிலிருந்து மதுரைக்கு. அத்தானின் தங்கை மகளுக்குக் கல்யாணம். போகிறவர்கள் மூன்று பேர்: அக்கா, அத்தான், நான். கூடவே ஒரு வீல்சேர்.

அக்காவுக்கு வயது 52. எட்டு வருஷத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகளில் நல்ல பலம். இரண்டு இருக்கையும் ஒரே உயரத்தில் இருந்தால் நடுவில் வழுவழுப்பான பலகை ஒன்றைப் போட்டு, தானே சறுக்கி மாறிவிடுவாள். ஒரு சாண் உயரம் கூடினால் ஆள் வேண்டும்.

அதனால் எங்கள் வீட்டில் பயணத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. வழியில் எத்தனை முறை அக்காவை மற்றவர்கள் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும் என்று எண்ணுவோம். நோட்டில் 'தூக்கு: 4' என்று எழுதியிருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். "தூக்குன்னு எழுதாதடா, ஜெயில் ஞாபகம் வருது. தூக்கல்னு எழுது. ரசத்துல உப்பு மாதிரி இருக்கட்டும்."

தூக்கல் என்றே இருக்கட்டும்.

*

மூன்று வழி.

கார்: சுமார் 460 கிலோமீட்டர். ஏற இறங்கப் பலகை போதும். தூக்கல் பூஜ்யம். இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் கார்தான் ஜெயிக்கும். ஆனால் எட்டு ஒன்பது மணி நேரம் ஒரே இருக்கை. உணர்வில்லாத இடத்தில் எடை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால் தோல் கன்றிப்போய்ப் படுக்கைப் புண் வரும். வலிக்காது என்பதால் வந்ததும் தெரியாது. போன முறை வந்த புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. நெடுஞ்சாலையில் வீல்சேர் நுழைகிற கழிப்பறையைத் தேடுவது வேறு பாடு.

விமானம்: உட்காரும் நேரம் குறைவு. தூக்கல் 4. வீல்சேரிலிருந்து ஒல்லி நாற்காலி, அதிலிருந்து இருக்கை, இறங்கும்போது அதே இரண்டு. நான்கும் ஒரே மட்டத்தில் நடக்கிறவை. அத்தானுக்கு இதில்தான் விருப்பம். அக்காவுக்கு டிக்கெட் விலையில் விருப்பமில்லை.

ரயில்: தூக்கல் 4. பிளாட்பாரத்திலிருந்து பெட்டிக்குள், பெட்டி வாசலிலிருந்து படுக்கைக்கு, மதுரையில் அதே இரண்டு. இதில் ஏற்றுவதும் இறக்குவதும் நிஜமாகவே உயரத்துக்குத் தூக்குவது. ஆனால் இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு போகலாம். அத்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவார்.

ஆக ரயில். தூக்கல் கணக்கோடு உட்காரும் மணிக்கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது புண் சொல்லிக்கொடுத்த பாடம்.

*

எந்த ரயில்?

வந்தே பாரத்தில் முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் வீல்சேருக்கு இடமும் அகலமான கழிப்பறையும் உண்டு. ஆனால் அது மதுரை தாண்டிப் போகிற வண்டி. நடுவழி நிலையம் என்றால் நிற்பது சில நிமிஷம்தான், கதவு தானாக மூடிக்கொள்ளும்.

நடுவழி நிலையத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன், ஊர் பெயர் வேண்டாம், இரண்டு நிமிஷம் நிற்கிற நிலையம் ஒன்றில் ஏறினோம். பதற்றத்தில் முதலில் பைகளை ஏற்றினோம். பிறகு மடித்த வீல்சேர். அதைப் பிடித்துக்கொள்ள அத்தான் உள்ளே ஏறினார். அக்கா என் கையிலும் ஒரு போர்ட்டர் கையிலுமாகப் பிளாட்பாரத்தில். வண்டி நகர்ந்தது. உள்ளே யாரோ சங்கிலியை இழுத்தார்கள், பிழைத்தோம். அன்றிலிருந்து வரிசை மாறாது: முதலில் ஆள், அடுத்து வீல்சேர், கடைசியில் பை. பை விட்டுப்போனால் பல் துலக்க பிரஷ் வாங்கிக்கொள்ளலாம்.

அதைவிட நல்ல வழி, நாம் ஏறுகிற இடத்தில் புறப்பட்டு நாம் இறங்குகிற இடத்தில் முடிகிற வண்டியாகப் பார்த்து எடுப்பது. சென்னை - மதுரைக்கு வைகை, தேஜஸ், பாண்டியன் மூன்றும் அப்படிப்பட்டவை. ஏறும்போது வண்டி காத்திருக்கும், இறங்கும்போதும் காத்திருக்கும். முதல் இரண்டும் பகல் வண்டி, உட்கார்ந்தே போக வேண்டும். பாண்டியன் இரவு வண்டி. தீர்ந்தது.

(எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடக்கிறது. வேலையைப் பொறுத்துச் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றுகிறார்கள். புறப்படும் நிலையம் எது என்பதை முந்தின நாள் மறுபடி பார்க்க.)

*

டிக்கெட். இதில் ஒரு இழுபறி.

மூன்றடுக்கு ஏசியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாகப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. திரையில் HP என்று வரும். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் ஊனமுற்றவருக்கும் அவருடன் போகிற ஒருவருக்கும் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி. இதற்கெல்லாம் ரயில்வே கொடுக்கிற சலுகை அட்டை வேண்டும். அக்காவிடம் இருக்கிறது. இரண்டடுக்கு ஏசியில் தள்ளுபடி 50 சதவீதம்தான், HP ஒதுக்கீடும் இல்லை.

பணத்தைப் பார்த்தால் மூன்றடுக்கு. ஆனால் இரண்டடுக்கில்தான் திரைச்சீலை இருக்கிறது.

அக்கா நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும். ரயில் கழிப்பறைக்குள் வீல்சேர் போகாது. படுக்கையிலேயே ஐந்து நிமிஷம் மறைப்பு இருந்தால் அவளே முடித்துக்கொள்வாள். மறைப்பு இல்லாத இடம் என்றால் என்ன செய்வாள் என்பதும் தெரியும்: மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒருமுறை அப்படிச் செய்து, இறங்கின மறுநாள் குளிர் ஜுரம், சிறுநீரில் கிருமி. ஊர் சுற்றப் போன இடத்தில் ஆஸ்பத்திரி.

இரண்டடுக்கே எடுத்தோம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. முதல் நாள் காலையிலேயே உட்கார்ந்து, கீழ்ப்படுக்கை ஒன்றாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்கிற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து எடுத்தாயிற்று. மேல்படுக்கை வந்துவிட்டுப் பிறகு யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்கிறவர்களுக்குச் சரி. தூக்குகிற கணக்கில் அது சூதாட்டம்.

வண்டியின் ஓரத்தில், கார்டு பெட்டியை ஒட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அறையும் இருக்கிறது. வாசலும் கழிப்பறையும் அகலம். அக்கா தன் வீல்சேரிலேயே உள்ளே உருண்டுவிடலாம், தூக்கல் நான்கிலிருந்து இரண்டாகக் குறையும். ஏசி கிடையாது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வேர்க்காது, உடம்பு சூடேறிக்கொண்டே போகும். மே மாதக் கல்யாணம். கைவிட்டோம். மார்கழியாக இருந்தால் யோசித்திருப்போம்.

*

அளவுகள். நோட்டின் முதல் பக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

வீல்சேர் அகலம், சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு: 66 செ.மீ.
மடித்தால்: 30 செ.மீ.
மெத்தையோடு உட்காரும் உயரம்: 51 செ.மீ.
எடை: வீல்சேர் 16 கிலோ. அக்கா எவ்வளவு என்று எழுதக் கூடாதாம்.

முதல் அளவு வாசல்களுக்கு, இரண்டாவது டிக்கிக்கு, மூன்றாவது கட்டிலுக்கும் கார் இருக்கைக்கும். 'வீல்சேர் வசதி இருக்கா?' என்று யாரையும் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். எல்லோரும் இருக்கு என்றுதான் சொல்கிறார்கள். 'பாத்ரூம் கதவைத் திறந்து உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு டேப் வச்சு ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?' என்று கேட்கிறேன். மதுரையில் ஐந்து லாட்ஜைக் கேட்டேன். மூன்று பேர் அனுப்பினார்கள். 58, 61, 74. லிஃப்டுக்கு முன்னால் படி உண்டா என்பது அடுத்த கேள்வி. 74 காரர் கொஞ்சம் தயங்கி, "ரெண்டு படிதான் சார், நம்ம பசங்க தூக்கிருவாங்க" என்றார். தூக்கல் கணக்கில் ஒரு நாளைக்குப் போகவர இரண்டு, மூன்று நாளைக்கு ஆறு. மொத்த ரயில் பயணத்தைவிட அதிகம்.

கடைசியில் 61 காரரிடமே எடுத்தோம். வாசலிலிருந்து கட்டில்வரை படியே இல்லை. பாத்ரூமுக்குள் மட்டும் கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாசலை ஒட்டிப் போட்டு, பலகையில் சறுக்கிக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். அது அவள் கணக்கு, நான் தலையிடவில்லை.

*

ரயில் வாசல் ஏன் இப்படி?

உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. உயரம். பெட்டியின் தரை அதைவிட ஏறக்குறைய அரை மீட்டர் மேலே. அந்த அரை மீட்டரைத்தான் படிகள் நிரப்புகின்றன. நடக்கிறவர்களுக்கு அது இரண்டு எட்டு. மெட்ரோவில் பெட்டியும் நடைமேடையும் ஒரே மட்டம், அதனால் அங்கே எங்கள் கணக்கே எழுவதில்லை.

சாய்தளம் போட்டால் என்ன என்று அத்தான் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு 1:12. ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். 45 செ.மீ. ஏற வேண்டுமானால் பலகை 5 மீட்டர் 40 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். பிளாட்பாரத்தின் அகலத்தையே அடைத்துவிடும். தூக்கிப் போகிற மாதிரி 2 மீட்டர் பலகை என்றால் சரிவு 1:4-ஐவிடக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய ஏணி. பின்னால் தள்ளுகிறவர் கை வழுக்கினால் அவ்வளவுதான். மேலே ஏறின பிறகும் தொல்லை தீராது. வாசலுக்கு உள்ளே கழிப்பறைக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவில் வீல்சேர் திரும்ப இடமில்லை. படுக்கைப் பக்கம் போகிற உள்கதவும் நடைவழியும் 66 செ.மீ. வீல்சேருக்குக் குறுகல்.

அதனால் தூக்கல்தான். அதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதுதான் மிச்சம்.

*

ஒழுங்காக என்றால்:

போர்ட்டர் மூன்று பேர். ஒருவர் போதும் என்பார்கள், ஒப்புக்கொள்ளக் கூடாது. கூலியை முன்னாலேயே பேசி, செய்யப்போகிற வேலை சாமான் தூக்குவது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். எங்கே பிடிப்பது என்று பேசுவது அக்கா. நானோ அத்தானோ பேசினால் எல்லோரும் எங்களைப் பார்க்கிறார்கள், அவள் சாமானாகிவிடுகிறாள்.

வீல்சேரின் கைத்தாங்கலையும் கால்மிதியையும் யாரும் தொடக் கூடாது. இரண்டும் கழன்று வருகிற உறுப்புகள். பார்த்தால் பிடிக்க வாகாக இருக்கும், அதுதான் ஆபத்து. முன்பு ஒருமுறை ஒரு போர்ட்டர் கையில் கைத்தாங்கல் மட்டும் வந்தது. நல்லவேளை, தரையிலிருந்து நான்கு விரல் உயரம்தான் எழும்பியிருந்தாள். அன்றிலிருந்து அந்த இரண்டு இடத்திலும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். முன்னால் நிற்கிறவர் உட்காரும் பகுதிக்குக் கீழே ஓடுகிற கெட்டிக் குழாயைப் பிடிக்க வேண்டும். பின்னால் நிற்கிறவர் தள்ளுகிற கைப்பிடியை. வீல்சேரின் முதுகு ரயில் பக்கம், அக்காவின் முகம் பிளாட்பாரம் பக்கம். பின்னால் இருப்பவர் மேல்படியில் நின்று இழுக்க, கீழே இருப்பவர்கள் உயர்த்த வேண்டும். எண்ணுவது அக்கா. அவள் மூன்று சொன்ன பிறகே கை அசைய வேண்டும்.

வாசலுக்கு உள்ளே வந்ததும் பிரேக். அங்கிருந்து கித்தான். ரெக்சின் பை தைக்கிற கடையில் கனமான கித்தானில் ஆறு பிடி வைத்துத் தைத்து வாங்கினோம். அக்காவின் முதுகிலிருந்து முழங்கால்வரை தாங்கும். நடைவழியில் இருவர் அகலத்துக்கு இடமில்லை, முன்னொருவர் பின்னொருவராக ஓரடி ஓரடியாகப் போக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்குகிற வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதன் கால் விரிந்து பிளப்பதை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவர் நடக்கக்கூடியவர், சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

படுக்கையில் முதலில் அவளுடைய மெத்தையைப் போட்டு, அதன்மேல் இறக்க வேண்டும். மெத்தையை மறந்து பிறகு செருகினால் அது ஐந்தாவது தூக்கல்.

*

நேரம். பின்னாலிருந்து முன்னால் எண்ணுக.

புறப்பாடு 9.40 என்று வைத்துக்கொண்டால், 9.25-க்கு அக்கா படுக்கையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் பெட்டியோடு நெரிக்கத் தொடங்குவதற்கு முன் நடைவழி காலியாக இருப்பது அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். ஆக வண்டி நடைமேடைக்கு வந்து கதவு திறந்த உடனே நாங்கள் அந்தப் பெட்டி வாசலில் நிற்க வேண்டும். பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று பலகையைப் பார்த்து, போர்ட்டரோடு முன்பே அங்கே போயாக வேண்டும், அது 8.50. நடைமேடை முதன்மைக் கட்டடத்தை ஒட்டியதாக இருந்தால் நேரே போகலாம். வேறு நடைமேடை என்றால் லிஃப்ட், லிஃப்ட் என்றால் வரிசை, அதற்கு 25 நிமிஷம். 8.25. போர்ட்டர் பேச, நிலைய அலுவலகத்தில் சொல்ல, குழாய் வைக்க இடம் தேட 30 நிமிஷம். 7.55-க்கு நிலைய வாசலில். வீட்டிலிருந்து கிளம்புவது 6.45.

நடக்கிறவர் 8.40-க்குக் கிளம்பி ஏறிவிடுவார். "ரெண்டு மணி நேரம் கொசுக்கடி" என்றார் அத்தான். கொசுவத்தி எடுத்துக்கொள்ளவும்.

*

வீட்டிலிருந்து எழும்பூர்.

டாக்ஸி கூப்பிட்டால் பாதி வண்டியில் டிக்கிக்குள் சி.என்.ஜி. சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது. மடித்த வீல்சேருக்கு இடமில்லை. வந்து பார்த்துவிட்டு, ரத்து பண்ணுங்க என்கிறார் டிரைவர். போனில் முதல் கேள்வியே 'டிக்கியில சிலிண்டர் இருக்காண்ணே?' என்று ஆகிவிட்டது. பெரிய எஸ்.யூ.வி. வேண்டாம், இருக்கை உயரம், பலகை மேல்நோக்கிச் சரியும். தாழ்ந்த செடானிலிருந்து வெளியே வருவது கிணற்றிலிருந்து ஏறுவது மாதிரி. இரண்டுக்கும் நடுவிலான உயரமுள்ள சின்ன கார்தான் எங்களுக்கு வாகு.

மெட்ரோ இந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் முடிந்தது. அசோக் நகரிலிருந்து எழும்பூருக்குப் பச்சை வழித்தடத்தில் நேர் வண்டி, ஆலந்தூரில் மாறவும் வேண்டாம். முந்தின ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால், நான் மட்டும் போய் நடந்து பார்த்தேன். நடக்கிறவன் கண்ணுக்குப் படி தெரியாது என்பதால் சக்கரம் வைத்த சூட்கேஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு போனேன். அதை எங்கே தூக்க நேர்ந்ததோ அங்கே ஒரு கோடு. எல்லா வாயிலிலும் லிஃப்ட் இருக்காது. லிஃப்ட் உள்ள வாயில் சாலையின் எந்தப் பக்கம் என்பது முக்கியம், தவறினால் நூறடிச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும்.

புறப்பட்ட அன்று மெட்ரோவில் அக்கா யாருடைய கையும் படாமல் போனாள். ஏறும்போது பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும், அதனால் திரும்பி முதுகு காட்டிப் பெரிய சக்கரத்தை முதலில் ஏற்ற வேண்டும். அவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. நானும் அத்தானும் பைகளோடு பின்னால் ஓடினோம். வீல்சேருக்கான இடத்தில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்து, "சீக்கிரம் வாங்க" என்றாள்.

*

லிஃப்டைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு.

லிஃப்ட் இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. மீதிப் பாதி: இரவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம். ஒரு பெரிய சந்திப்பில், இதுவும் பெயர் வேண்டாம், அதிகாலை நாலேகாலுக்கு இறங்கி, லிஃப்டுக்கு முன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சாவி வைத்திருந்தவர் ஷிஃப்ட் மாறிப் போயிருந்தார். கோளாறு என்று போர்டு தொங்கியிருந்தால்கூட வேறு வழி பார்த்திருப்போம். நடைமேடையின் கோடியில் தள்ளுவண்டிகள் தண்டவாளத்தைக் கடக்கிற பாதை ஒன்று பல நிலையங்களில் இருக்கும், சரிவாக இறங்கும். ரயில்வே ஊழியர் யாராவது கூட வந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். நாமாகக் கடப்பது குற்றம், அதைவிட முக்கியம், முன்சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் விழுந்தால் எடுக்க நேரமிருக்காது.

இந்த முறை புறப்படும் அன்று மத்தியானம் 139-க்கு அழைத்து, மதுரையில் இறங்கும்போது உதவி வேண்டும் என்று பதிவு செய்தோம். வண்டியில் ஏறியதும் டிக்கெட் பரிசோதகரிடமும் ஏசி பெட்டி உதவியாளரிடமும் தனித்தனியாகச் சொன்னோம். மூன்று இடத்தில் சொன்னால் ஒரு இடத்தில் ஞாபகம் இருக்கும்.

*

மதுரை. விடிவதற்கு முன்.

அவசரப்படவில்லை. பெட்டி காலியாகட்டும் என்று இருந்தோம். ஆனால் கடைசி நிலையம்தானே என்று தூங்கிவிடவும் கூடாது, கொஞ்ச நேரத்தில் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உதவியாளர் தம்பி வாசலிலேயே நின்றுகொண்டார். "நீங்க இறங்குற வரைக்கும் நான் கார்டுகிட்ட சொல்லி வச்சிருக்கேன், மெதுவா வாங்கம்மா." சொன்னதில் ஒரு இடத்தில் ஞாபகம் இருந்தது.

இறக்குவது ஏற்றுவதைவிடக் கடினம். கீழே பிடிக்கிறவருக்கு எடை முழுதும் வரும். இப்போதும் அக்காவின் முகம் பிளாட்பாரம் பக்கம்தான், வீல்சேர் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். முன்னால் சாய்ந்தால் அவளால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது. மார்பைச் சுற்றி ஒரு பெல்ட். கையை யாரும் இழுக்கக் கூடாது.

தூக்கல் நான்கு. நோட்டில் இருந்தது நான்கு.

*

திரும்பும்போது விமானம். டிக்கெட் பணம் அத்தானின் தங்கை கொடுத்தார், அக்கா மறுக்க முடியவில்லை. அதற்கான குறிப்பு சுருக்கமாக.

வீல்சேர் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்று குறி உண்டு. WCHR: படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க முடியாது. WCHS: படி ஏற முடியாது, இருக்கைவரை நடப்பார். WCHC: இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அக்காவுக்கு மூன்றாவது. பதிவில் R என்று விழுந்துவிட்டால் விமானப் படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் நிறுத்தி, "ஏறுங்க மேடம்" என்பார்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லி, டிக்கெட்டில் அந்த நான்கெழுத்து இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும். சொந்த வீல்சேரை விமான வாசல்வரை ஓட்டிப்போய் அங்கே ஒப்படைக்க வேண்டும், கவுண்டரிலேயே கொடுத்துவிட்டால் இடையில் அவர்களுடைய தொளதொள நாற்காலிதான்.

காற்று நிரப்பிய மெத்தை என்றால் மேலே போகும்போது பூரி மாதிரி உப்பும். கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, தரைக்கு வந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். பம்ப் கைப்பையில்.

இணைப்பு விமானம் எடுப்பதானால்: வீல்சேரில் வருகிறவர்களை முதலில் ஏற்றுவார்கள், கடைசியில் இறக்குவார்கள். 10 மணிக்குத் தரையிறங்கினால் மற்றவர்கள் வெளியேற 10.25, ஒல்லி நாற்காலி வர 10.35, சரக்கறையிலிருந்து சொந்த வீல்சேர் வாசலுக்கு வர 10.50. பிறகு கழிப்பறை, மறுபடி பாதுகாப்புச் சோதனை. அடுத்த விமானத்தில் முதல் ஆளாக ஏற அதன் வாசலில் முக்கால் மணி முன்னால் நிற்க வேண்டும். ஒரு மணி நேர இணைப்பை இணையத்தளம் தாராளமாக விற்கும். எங்களுக்கு இரண்டரை மணிக்குக் குறைந்தால் வேண்டாம். மதுரை - சென்னை நேர் விமானம், அந்தக் கவலை இல்லை.

*

விட்டுப்போனது ஒன்று. ரயில், லாட்ஜ், மெட்ரோ, டிக்கி எல்லாம் எழுதினேன், மண்டபத்தை எழுதவில்லை. மணமேடைக்கு மூன்று படி, பந்தி மாடியில். லிஃப்டில் இலைக்கட்டும் குழம்பு அண்டாவும் ஏறிக்கொண்டிருந்தன. அக்கா மணமேடைக்குக் கீழே நின்று அட்சதை போட்டாள், சாப்பாடு கீழே ஒரு மேஜையில் தனியாக வந்தது. அத்தானும் கூட உட்கார்ந்தார். பரவாயில்லை என்றாள்.

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் வாடகையும் பார்க்கிங்கும் கேட்கும்போது, மேடைக்கு எத்தனை படி, பந்தி எந்த மாடியில், சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் ஆளுக்கா அண்டாவுக்கா என்றும் கேட்டுவிட்டு, பத்திரிகையோடு அதையும் சொல்லி அழையுங்கள்.